எதிர்பார்க்கும் எண்ணை எறிந்துவிட்டால் சோதனையில் என்ன மிஞ்சும்?

கை-வர்க்கச் சோதனையை ஆய்வு மாணவர்கள் எப்படிக் கையாள வேண்டும் என்று அறிவுரை சொல்லும் கட்டுரை ஒன்று துறைக்குத் துறை நகலாகிக் கைமாறிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் பல முனைவர் பட்ட மாணவர்களுக்கு நெறியாளராக இருந்தவர். அதனாலேயே மாணவர்கள் அதை நம்புகிறார்கள், அதனாலேயே அதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

அவருடைய வாதம் இது. கையால் கணக்கிடும் காலம் முடிந்துவிட்டது. எதிர்பார்க்கும் நிகழ்வெண் என்பது கணினி தனக்குள் போட்டுக்கொள்ளும் இடைக்கணக்கு, மாணவர் அதைப் பார்க்கவே தேவையில்லை. எண்ணிக்கை வசதியாக இல்லையென்றால் சதவீதத்தைக் கொடுக்கலாம். கடைசியில் வரும் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தால் இரண்டு பண்புகளுக்கும் தொடர்பு உண்டு, மேலே இருந்தால் இல்லை. கை-வர்க்கம் எவ்வளவு பெரிதோ தொடர்பும் அவ்வளவு வலுவானது.

இதில் ஒன்றுகூட நிற்காது. எதிர்பார்க்கும் எண்ணைப் பார்க்க வேண்டாம் என்ற முதல் தவறுதான் மற்ற எல்லாத் தவறுகளையும் பெற்றெடுக்கிறது. அந்த எண்தான் சோதனையின் கேள்வி. கேள்வியை எறிந்துவிட்டு விடையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் கட்டுரையாளர். இதைக் காட்ட நான்கு கட்டங்கள் உள்ள ஓர் அட்டவணை போதும். அதுவும் நான் புனைந்தது அல்ல, மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது.

1948-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுகிறதா என்று ஆராய்ந்த முடிவை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. ஆய்வின் புள்ளியியல் வடிவமைப்பு ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லுடையது. போருக்குப் பிந்தைய நாட்டில் மருந்து கொஞ்சமாகத்தான் இருந்தது. இரு நுரையீரல்களிலும் நோய் பரவியிருந்த இளம் நோயாளிகள் 107 பேரில் 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்தும் கிடைத்தது, 52 பேருக்கு அன்றைய வழக்கமான படுக்கை ஓய்வு மட்டும். யார் எந்தக் குழு என்பதை மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முடிவு செய்து மூடிய உறைகளில் வைத்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து நிலைமை இது:

| | இறந்தவர் | உயிருடன் இருந்தவர் | மொத்தம் |
|---|---|---|---|
| மருந்தும் ஓய்வும் | 4 | 51 | 55 |
| ஓய்வு மட்டும் | 14 | 38 | 52 |
| மொத்தம் | 18 | 89 | 107 |

மருந்து பெற்றவர்களில் 7 சதவீதம் பேர் இறந்தனர், பெறாதவர்களில் 27 சதவீதம் பேர். இந்த வேறுபாடு மருந்தால் வந்ததா, உறைகளைப் பிரித்த அதிர்ஷ்டத்தால் வந்ததா?

மருந்துக்கும் மரணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்வோம். இதுதான் இன்மைக் கருதுகோள். சார்பின்மை என்பதன் பொருளும் இதுவே. அப்படியானால் இரு குழுக்களிலும் மரண விகிதம் ஒன்றாகவே இருக்க வேண்டும். அது என்ன விகிதம்? மொத்த வரிசை சொல்கிறது: 107 பேரில் 18 பேர். மருந்துக் குழுவில் 55 பேர் இருக்கிறார்கள், ஆகவே அங்கே எதிர்பார்க்க வேண்டிய மரணங்கள் 55 × 18 / 107, அதாவது 9.25. வரிசை மொத்தத்தை நிரல் மொத்தத்தால் பெருக்கி முழு மொத்தத்தால் வகுக்க வேண்டும் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வாய்பாடு இவ்வளவுதான். அதற்குள் இருப்பது, சம்பந்தம் இல்லாத ஓர் உலகில் இந்தக் கட்டத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற கேள்வி.

மற்ற மூன்று கட்டங்களுக்குக் கழித்தாலே போதும். மருந்துக் குழுவில் பிழைத்திருக்க வேண்டியவர்கள் 45.75, ஓய்வுக் குழுவில் இறந்திருக்க வேண்டியவர்கள் 8.75, பிழைத்திருக்க வேண்டியவர்கள் 43.25. முழு எண்ணாக இல்லையே என்று சிலர் இவற்றை முழுமைப்படுத்துகிறார்கள். கூடாது. இவை ஆட்களின் எண்ணிக்கை அல்ல, சராசரி எதிர்பார்ப்பு.

இப்போது கண்ட எண்ணையும் எதிர்பார்த்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 9.25 மரணங்கள் வர வேண்டிய இடத்தில் 4. 8.75 வர வேண்டிய இடத்தில் 14. நான்கு கட்டங்களிலும் விலகல் அதே 5.25தான், குறி மட்டும் மாறுகிறது. ஆனால் ஒன்பதை எதிர்பார்த்த இடத்தில் ஐந்து குறைவது பெரிய விஷயம். நாற்பத்தாறை எதிர்பார்த்த இடத்தில் ஐந்து கூடுவது அவ்வளவு பெரிதில்லை. அதனால்தான் விலகலின் வர்க்கத்தை எதிர்பார்த்த எண்ணால் வகுக்கிறோம்:

χ² = Σ (O − E)² / E

விலகலின் வர்க்கம் 27.59. அதை ஒவ்வொரு எதிர்பார்ப்பாலும் வகுத்தால் 2.98, 0.60, 3.15, 0.64 என்று வருகிறது. கூட்டினால் 7.38, ஏறத்தாழ. இந்த நான்கு எண்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 7.38-இல் ஆறுக்கும் மேற்பட்ட பங்கு இறந்தவர் நிரலிலிருந்து வருகிறது. அட்டவணையின் கதை எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதை இந்தப் பங்குகள்தான் சொல்கின்றன. மூன்று வரிசை, நான்கு நிரல் கொண்ட பெரிய அட்டவணையில் இது இன்னும் முக்கியம்: எந்தக் குழு எந்த விடையில் எதிர்பார்ப்பிலிருந்து விலகியது என்பதை ஒற்றை பி-மதிப்பு ஒருநாளும் சொல்லாது. இந்தக் கணக்கைத்தான் மாணவர் பார்க்கத் தேவையில்லை என்கிறார் கட்டுரையாளர். பிறகு ஆய்வேட்டின் விளக்கப் பகுதியில் மாணவர் எதை எழுதுவார்? தொடர்பு உள்ளது என்ற ஒரே வாக்கியத்தை இருபது அட்டவணைகளுக்குக் கீழே இருபது முறை எழுதுவார். அப்படித்தான் எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள்.

அடுத்து, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்று வகுப்பில் சொல்லும் வரையற்ற பாகை. கட்டுரையாளர் இதை ஒரு வரியில் கடந்துபோகிறார்: கணினியே கொடுத்துவிடுமாம், அதன் பொருளைத் தெரிந்து ஆகப்போவது ஒன்றும் இல்லையாம். இந்த ஒரு வரிக்கு எதிராகப் புள்ளியியல் வரலாறே சாட்சி சொல்லும். கை-வர்க்கச் சோதனையை 1900-இல் உருவாக்கியவர் கார்ல் பியர்சன். இந்த வகை அட்டவணையிலும் கட்டங்களின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும் என்று அவர் கருதினார், அதாவது நான்கு கட்டங்களுக்கு 3. அது தவறு என்று 1922-இல் ரொனால்டு ஃபிஷர் காட்டினார். எதிர்பார்க்கும் எண்களை நாம் அட்டவணையின் சொந்த மொத்தங்களிலிருந்தே எடுக்கிறோம். மொத்தங்கள் நிலையாக இருக்கும்போது மருந்துக் குழுவில் இறந்தவர் 4 என்று ஒரு கட்டத்தை நிரப்பினால் மற்ற மூன்றும் தாமாகவே நிரம்பிவிடும். சுதந்திரமாக மாறக்கூடியது ஒரே ஒரு கட்டம். நான்கு கட்டங்களிலும் விலகல் ஒரே 5.25 ஆக இருந்ததும் இதனால்தான். ஆகவே வரையற்ற பாகை (2 − 1) × (2 − 1) = 1. பியர்சன் அப்போது ஏற்கவில்லை, ஆனால் சரி ஃபிஷர் பக்கம்தான்.

இது வெறும் பண்டிதச் சண்டை இல்லை என்பதற்கு நம் அட்டவணையே போதும். பாகை 1 என்றால் 5 சதவீத மட்டத்தில் எல்லை மதிப்பு 3.84, நம்முடைய 7.38 அதை எளிதாகத் தாண்டுகிறது. பாகை 3 என்றால் எல்லை 7.81, அதே 7.38 எல்லைக்குள்ளேயே நின்றுவிடும். பாகையைத் தவறாக எண்ணியிருந்தால், உயிர் காத்த ஒரு மருந்தின் முடிவைப் போதிய சான்றில்லை என்று ஒதுக்கியிருப்போம். கோட்பாட்டை உருவாக்கியவரே சறுக்கிய இடத்தை, தெரிந்துகொள்ளத் தேவையில்லாத இடம் என்று மாணவருக்குச் சொல்வது எந்த வகை வழிகாட்டல்?

கணினி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் இந்த அட்டவணையிலேயே உடைகிறது. ஆர் மொழியில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```r
t <- matrix(c(4, 14, 51, 38), nrow = 2)
chisq.test(t)
chisq.test(t, correct = FALSE)
chisq.test(t)$expected
```

முதல் கட்டளை 6.04 என்றும் பி-மதிப்பு 0.014 என்றும் சொல்லும். இரண்டாவது 7.38 என்றும் 0.0066 என்றும் சொல்லும். தரவு ஒன்று, சோதனையின் பெயர் ஒன்று, விடை இரண்டு. காரணம், இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் ஆர் தானாகவே யேட்ஸ் திருத்தத்தைச் செய்கிறது. ஒவ்வொரு விலகலிலிருந்தும் 0.5-ஐக் கழித்துவிட்டு வர்க்கப்படுத்துகிறது. எஸ்பிஎஸ்எஸ் இரண்டையும் தனித்தனி வரிசைகளில் காட்டும். 5.25 என்ற விலகலைத் தன் கையால் கண்ட மாணவருக்கு இந்த வேறுபாடு ஒரு நிமிடத்தில் விளங்கும். பி-மதிப்பை மட்டும் பார்க்கப் பழகியவர் நண்பரின் மடிக்கணினியில் வேறு எண் வந்ததும் திகைத்து நிற்பார், அல்லது எது சிறியதோ அதை எடுத்துக்கொள்வார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது, அது நேர்மையின்மைக்கு இட்டுச் செல்கிறது.

பி-மதிப்பு என்ன சொல்கிறது என்பதிலும் கட்டுரையாளர் தவறுகிறார். 0.0066 என்றால் தொடர்பு இருப்பதற்கான நிகழ்தகவு 99.34 சதவீதம் என்ற பொருள்பட அவர் விளக்கம் எழுதியிருக்கிறார். இல்லை. மருந்துக்கும் மரணத்துக்கும் சம்பந்தமே இல்லாத உலகில் இதே ஆய்வைத் திரும்பத் திரும்ப நடத்தினால், இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஆன விலகல் பத்தாயிரத்தில் சுமார் 66 முறை தற்செயலாக வரும். அவ்வளவுதான் அந்த எண்ணின் உரிமை. அது இன்மைக் கருதுகோளை உண்மை என்று வைத்துக்கொண்டு தொடங்கிய கணக்கு. அந்தக் கருதுகோள் உண்மையாக இருப்பதற்கு எத்தனை வாய்ப்பு என்பதை அதே கணக்கு சொல்ல முடியாது. எதிர்பார்க்கும் எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த எவருக்கும் இந்தக் குழப்பம் வராது, ஏனென்றால் 9.25 பிறந்ததே அந்த உலகத்தில்தான்.

சதவீதம் கொடுக்கலாம் என்ற அறிவுரைதான் எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது, ஏனென்றால் மற்றவை விளக்கத்தைக் கெடுக்கின்றன, இது தரவையே பொய்யாக்குகிறது. நம் அட்டவணையில் எண்ணிக்கைக்குப் பதிலாக 7, 93, 27, 73 என்று சதவீதங்களை உள்ளிடுங்கள். எதிர்பார்க்கும் எண்கள் 17, 83, 17, 83 ஆகிவிடும். விலகல் 10. கை-வர்க்கம் 14.17. உண்மையான 7.38 ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. மென்பொருளுக்குச் சதவீதம் தெரியாது. ஒவ்வொரு குழுவிலும் நூறு பேர் இருந்ததாக அது எடுத்துக்கொண்டது. 107 நோயாளிகளை 200 ஆக்கிவிட்டோம். ஆய்வில் 400 பேர் இருந்திருந்தால் இதே தந்திரம் அவர்களை 200 ஆகச் சுருக்கி, இருந்த சான்றையும் அழித்திருக்கும். இல்லாத ஆட்களைச் சேர்ப்பதற்கும் இருக்கும் ஆட்களை நீக்குவதற்கும் ஆய்வு அறத்தில் என்ன பெயர் என்பது கட்டுரையாளருக்குத் தெரியும்.

எண்ணிக்கையிலும் ஒரு நிபந்தனை உண்டு: ஒருவர் ஒரே ஒரு கட்டத்தில்தான் வர வேண்டும். பல விடைகளுக்கு டிக் போடலாம் என்று கேட்ட வினாத்தாளின் எண்ணிக்கைகளை அப்படியே இந்தச் சோதனையில் போடுகிறார்கள். பயிற்சிக்கு முன்பும் பின்பும் அதே மாணவர்களை எண்ணி இரண்டு வரிசைகளாக்குகிறார்கள். முன்-பின் அட்டவணைக்கு மெக்னெமர் சோதனை இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அட்டவணையின் முழு மொத்தத்தைப் பார்ப்பது. அது ஆய்வில் கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருந்தால் யாரோ இருமுறை எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

பெரிய கை-வர்க்கம் என்றால் வலுவான தொடர்பு என்கிறாரே, அதற்கு வருவோம். நம் அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்தையும் பத்தால் பெருக்கினால் மரண விகிதங்கள் மாறாது, அதே 7 சதவீதம், அதே 27 சதவீதம். கை-வர்க்கம் மட்டும் 73.8 ஆகிவிடும். மருந்து பத்து மடங்கு வலுவாகிவிட்டதா? இன்னும் கூர்மையாகக் கேட்கிறேன். தலா பத்தாயிரம் பேர் கொண்ட இரு குழுக்களைக் கற்பனை செய்யுங்கள். ஒன்றில் 5,000 பேர் ஆம் என்கிறார்கள், மற்றதில் 5,200 பேர். 50 சதவீதத்துக்கும் 52 சதவீதத்துக்கும் உள்ள இந்தச் சிறு இடைவெளிக்குக் கை-வர்க்கம் 8.0. ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வின் 7.38-ஐவிடப் பெரிது. கட்டுரையாளர் விதிப்படி, மரணத்தை 27-இலிருந்து 7 சதவீதத்துக்குக் கொண்டுவந்த மருந்தின் விளைவைவிட இந்த இரண்டு சதவீத வேறுபாடு வலுவான தொடர்பு!

வலுவைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஆட்களின் எண்ணிக்கையின் தாக்கத்தை நீக்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் கை-வர்க்கத்தை மொத்தத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஃபை கெழு கிடைக்கும். நம் ஆய்வுக்கு அது 0.26. பத்தாயிரம் பேர் எடுத்துக்காட்டுக்கு 0.02. பெரிய அட்டவணைகளுக்குக் கிராமரின் வி இதே வேலையைச் செய்கிறது. அதைவிட முக்கியம், சதவீதங்களை விளக்கத்தில் வெளிப்படையாக எழுதுவது. சதவீதத்துக்கு இடம் அங்கேதான், சோதனைக்குள் அல்ல.

கடைசியாக, 0.05-க்கு மேலே இருந்தால் தொடர்பு இல்லை என்ற தீர்ப்பு. ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு கால்வாசி அளவில் நடந்திருந்ததாக வைத்துக்கொள்வோம்: மருந்து பெற்ற 14 பேரில் ஒருவர் மரணம், பெறாத 13 பேரில் 4 பேர். விகிதங்கள் 7 சதவீதமும் 31 சதவீதமும். கை-வர்க்கம் 2.49, பி-மதிப்பு 0.11. கட்டுரையாளர் விதிப்படி மருந்துக்கும் மரணத்துக்கும் தொடர்பு இல்லை. இந்த 27 பேரின் தரவு உண்மையில் சொல்வது, தற்செயலை விலக்க எனக்குப் போதிய ஆட்கள் இல்லை என்பது மட்டுமே. சான்று போதவில்லை என்பதை, இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாக எழுதும் ஆய்வேடு தவறான முடிவை அறிவிக்கிறது.

இதே சிறு அட்டவணை இன்னொரு அபாயத்தையும் காட்டுகிறது, அதுவும் எதிர்பார்க்கும் எண்களைப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். மரணக் கட்டங்களின் எதிர்பார்ப்பு 2.59, 2.41. இரண்டும் ஐந்துக்குக் கீழே. கை-வர்க்கப் பரவல் என்பது ஒரு தோராயம். எதிர்பார்ப்பு இவ்வளவு சிறியதானால் அந்தத் தோராயம் தளர்ந்துவிடும். இங்கே ஃபிஷரின் துல்லியச் சோதனையைச் செய்தால் பி-மதிப்பு 0.11 அல்ல, 0.16. கவனியுங்கள், பார்க்க வேண்டியது எதிர்பார்த்த எண்ணை, கண்ட எண்ணை அல்ல. முழு ஆய்வில் ஒரு கட்டத்தில் கண்ட எண் 4தான். ஆனால் அங்கே எதிர்பார்ப்பு 9.25, ஆகவே சோதனை செல்லும். நான்கைக் கண்டதும் பயந்து வரிசைகளை ஒன்றாக்கும் மாணவர்களையும் பார்த்திருக்கிறேன், எதையும் பாராமல் கடந்துபோகும் மாணவர்களையும் பார்த்திருக்கிறேன். எஸ்பிஎஸ்எஸ் அட்டவணைக்கு அடியில் ஒரு குறிப்பைப் போடுகிறது, நம் தரவுக்கு அது இப்படி இருக்கும்:

```
0 cells (0.0%) have expected count less than 5. The minimum expected count is 8.75.
```

அந்த 8.75 ஓய்வுக் குழுவில் எதிர்பார்த்த மரணங்களின் எண்ணிக்கை. கட்டுரையாளர் தன் கட்டுரையில் அச்சிட்டிருக்கும் மாதிரி வெளியீட்டில் இந்த அடிக்குறிப்பை வெட்டிவிட்டு மேலே உள்ள வரிகளை மட்டும் வைத்திருக்கிறார். சோதனை செல்லுமா என்று சொல்லும் ஒரே வரி அது.

கட்டுரையின் இறுதியில், ஆய்வேட்டில் எழுதிக்கொள்ள ஒரு மாதிரி வாக்கியம் தந்திருக்கிறார்: பி-மதிப்பு 0.05-ஐவிடக் குறைவு, ஆகவே தொடர்பு உள்ளது. அதை மாணவர்கள் அடித்துவிட்டு இந்த அட்டவணைக்கு இப்படி எழுத வேண்டும்: “ஆறு மாத முடிவில் மருந்துக் குழுவின் 55 பேரில் 4 பேரும் (7%), ஓய்வுக் குழுவின் 52 பேரில் 14 பேரும் (27%) இறந்தனர். மருந்தும் மரணமும் சார்பற்றவை என்ற கருதுகோளின்படி மருந்துக் குழுவில் எதிர்பார்த்த மரணங்கள் 9.25, மிகக் குறைந்த எதிர்பார்ப்பு 8.75. யேட்ஸ் திருத்தமின்றி χ² = 7.38, வரையற்ற பாகை 1, n = 107, p = 0.0066, ஃபை = 0.26. குழுக்கள் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டதால் இவ்வேறுபாட்டை மருந்தின் விளைவாகக் கொள்ள இடமுண்டு. இது ஆறு மாத காலத்துக்கு மட்டுமே பொருந்தும்.” அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடக் கூடாது. காலம் நீண்டபோது கிருமிகள் ஸ்ட்ரெப்டோமைசினை எதிர்க்கத் தொடங்கின, மருந்தைத் தனியாகக் கொடுத்தால் போதாது என்று தெரியவந்தது. சமவாய்ப்பில் பிரிக்காத கள ஆய்வாக இருந்தால், விளைவு என்ற சொல்லையே எடுத்துவிட்டு, சேர்ந்து காணப்படுகின்றன என்று மட்டும் எழுத வேண்டும்.